மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்குங்கள்: வேறு கணக்குக்குப் போன 46,000 ரூபாய்

வாசகி கடிதம்: "ஏற்காடு மலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். ஜனவரி 10ஆம் தேதி, பழம் பறித்த கூலியைப் பொங்கலுக்கு முன் கொடுப்பதற்காக, மேஸ்திரியின் கணக்குக்குச் செல்பேசி வழியாக நெஃப்ட்டில் 46,000 ரூபாய் அனுப்பினேன். கணக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்துவிட்டேன். திரையில் வேறு பெயர் வந்தது. மேஸ்திரியின் உறவினர் பெயராக இருக்கும் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். பணம் யாருக்கோ போய்விட்டது. நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்தேன். 12ஆம் தேதி சேலத்தில் என் வங்கிக் கிளை மேலாளரிடம் மூன்று பக்கக் கடிதம் கொடுத்தேன். 'பார்க்கிறோம்' என்றார். பத்து நாளாகிறது, ஒரு தகவலும் இல்லை. கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். திருத்தித் தருவீர்களா? பெயர் தெரிந்ததை மறைத்துவிடலாமா? மோசடி என்று எழுதினால் சீக்கிரம் நடக்கும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார்."

பதில்: ஓய்வுபெற்ற வங்கிக் கிளை மேலாளர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஒரு மனிதனாகப் படித்தேன், மனம் கனத்தது. இரண்டாம் முறை மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்துக்கொண்டு, கையில் சிவப்புப் பேனாவோடு படித்தேன். அப்போது நான் தேடியது ஒரே ஒரு விஷயத்தை: யு.டி.ஆர். எண். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும், எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்கள் கொண்ட அந்த அடையாள எண் இல்லாமல் நெஃப்ட் பணத்தை எந்த வங்கியாலும் விரைவில் தேடிப் பிடிக்க முடியாது. உங்கள் கடிதத்தில் அது இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில், "எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்ற வாக்கியத்துக்கும் குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் நடுவில் இருக்கிறது. அதிலும் ஓர் எழுத்து அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. காலை பத்து மணிக் கூட்டத்தில் இதை வாங்கிய அலுவலர் "பிறகு நிதானமாகப் படிக்கலாம்" என்று ஓரமாக வைத்திருப்பார். அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை.

இந்தக் கடிதத்தை யார் யார் படிக்கப் போகிறார்கள்?

நீங்கள் மேலாளரின் மனதை இளக்குவதற்காக எழுதியிருக்கிறீர்கள். அவர் மனம் இளகினாலும் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பணம் இப்போது வேறொரு வங்கியில், வேறொருவர் கணக்கில் இருக்கிறது. அந்த வங்கியும் தன் வாடிக்கையாளரின் சம்மதமோ சட்டப்படியான உத்தரவோ இல்லாமல் அதைத் தொடக் கூடாது. நாளை யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்தார் என்பதற்காக உங்கள் கணக்கிலிருந்து 46,000 ரூபாயை எடுத்துவிட்டால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? அதே பாதுகாப்புதான் அந்த முன்பின் தெரியாதவருக்கும்.

நடப்பது இதுதான். உங்கள் கிளை, உங்கள் வேண்டுகோளை யு.டி.ஆர். எண்ணோடு பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அனுப்பும். அந்த வங்கி, கணக்கு இருக்கும் கிளைக்குத் தள்ளும். அங்குள்ள அலுவலர் கணக்குதாரரை அழைத்து, "உங்கள் கணக்கில் தவறுதலாக ஒரு தொகை வந்திருக்கிறது, திருப்பித் தர எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பார். அவர் கையெழுத்துப் போட்டால் பணம் வந்த வழியே திரும்பும்.

ஆக, உங்கள் கடிதம் நான்கு பேர் கைக்குப் போகிறது: உங்கள் மேலாளர், அந்த வங்கியின் அலுவலர், அந்தக் கிளையின் மேலாளர், கடைசியாக அந்தக் கணக்குதாரர். நான்காவது நபர்தான் முடிவெடுப்பவர். "பணத்தைத் தின்றவன் நன்றாக இருக்கமாட்டான்" என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அவரிடம் காட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தன் கணக்கில் பணம் வந்ததையே கவனிக்காத ஒரு முதியவராகவும் அவர் இருக்கலாம்.

கடிதம் வேறு மாநிலக் கிளைக்குப் போகவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த ஐ.எஃப்.எஸ்.சி. சேலம் கிளையினுடையது. அதனால் அந்தக் கணக்கும் சேலத்தில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரே வங்கிக்குள் வரவு கணக்கு எண்ணைப் பார்த்து விழுவது. கடைசி இலக்கம் மாறினால் கணக்கு எந்தக் கிளையிலும் இருக்கலாம். எனவே தமிழில் எழுதுங்கள், ஆனால் பின்னால் ஆங்கிலத்தில் ஐந்து வரிச் சுருக்கம் ஒன்றை இணைத்துவிடுங்கள்.

பெயர் பொருந்தாதது வங்கியின் தவறா?

உங்கள் கடிதத்தின் முதல் பக்கம் முழுவதும் இந்த வாதத்தின் மேல்தான் நிற்கிறது: "பெயர் ஒன்று, எண் ஒன்று இருக்கும்போது எப்படி வரவு வைத்தீர்கள்?" கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆனால் மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. சரியான எண்ணைக் கொடுக்க வேண்டியது அனுப்புபவரின் பொறுப்பு. இந்த வாதத்தை வைத்தால், மேலாளர் உங்கள் வேண்டுகோளுக்குப் பதில் சொல்லாமல் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லத் தொடங்குவார். "விதிப்படியே வரவு வைக்கப்பட்டது" என்று ஒரு வரியில் கோப்பை மூடிவிடலாம். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

வங்கி மேல் குற்றம் சொல்ல இடமுள்ள சந்தர்ப்பங்கள் வேறு. நீங்கள் சரியான எண்ணைக் கொடுத்து வங்கி வேறு கணக்கில் வைத்திருந்தால் அது வங்கியின் தவறு. நீங்கள் கொடுத்த எண்ணில் கணக்கே இல்லாதிருந்தால், பணம் போன சுற்று முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். உங்களுக்குப் பத்து நாளாகியும் திரும்பவில்லை. "பயனாளி கணக்கில் வரவு வைக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியும் வந்திருப்பது நகலில் தெரிகிறது. அந்த எண்ணில் உண்மையிலேயே ஒருவருக்குக் கணக்கு இருக்கிறது.

திரையில் பார்த்த பெயரை மறைக்கலாமா?

வேண்டாம். அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டுக்கும் 2025 ஏப்ரல் 1க்குள் கட்டணமின்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நீங்கள் பார்த்த பெயர் அப்படி வந்ததுதான். அப்படிப் பெயர் தேடும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு தனி எண் பதிவாகும். தகராறு என்று வந்தால் இரண்டு வங்கிகளும் அந்தப் பதிவைத்தான் எடுத்துப் பார்க்கும். "எனக்குப் பெயரே காட்டவில்லை" என்று எழுதி, பதிவு வேறு சொன்னால், உங்கள் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உண்மையைச் சொல்வதால் உங்கள் உரிமை குறையாது. கவனக் குறைவாக அனுப்பினாலும் அது தவறுதலாகப் போன பணம்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. கொடுத்தவர் கவனமாக இருந்தாரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஒரே வரியில் எழுதிவிடுங்கள்: "திரையில் வந்த பெயரை மேஸ்திரியின் உறவினர் பெயர் என்று தவறாகக் கருதிவிட்டேன்."

"மோசடி" என்ற சொல்

பக்கத்துத் தோட்டக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சொல் உங்கள் கோப்பை வேறு மேசைக்குக் கொண்டுபோய்விடும். மோசடி என்றால் வங்கி முதலில் உங்கள் செல்பேசிச் சேவையையும் அட்டையையும் முடக்கும். பிறகு யார் அனுப்பியது என்று விசாரிக்கும். உங்கள் செல்பேசி, உங்கள் கடவுச்சொல், உங்களுக்கு வந்த ஓ.டி.பி. என்றுதான் விடை வரும். "வாடிக்கையாளரே அனுப்பியது, மோசடி இல்லை" என்று புகார் முடிக்கப்படும். 1930 என்ற உதவி எண் இணையக் குற்றங்களுக்கானது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நடக்காத குற்றத்தை நடந்ததாக எழுதிக் கொடுப்பது உங்களுக்கே ஆபத்து.

"அந்த ஆளின் பெயரையும் செல்பேசி எண்ணையும் கொடுங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம்" என்ற வரியையும் அடித்துவிட்டேன். வாடிக்கையாளர் விவரத்தை வங்கி வெளியே சொல்ல முடியாது. கடிதத்தில் முடியாத ஒன்றைக் கேட்டால், முடிகிற நான்கையும் சேர்த்து மறுப்பதற்கு அது வசதியாகிவிடும்.

திருத்திய கடிதம்

உங்கள் மூன்று பக்கத்திலிருந்து நான் வைத்துக்கொண்டவை இவ்வளவுதான். அடைப்புக்குள் இருப்பதை முழுமையாக நிரப்புங்கள்.

> அனுப்புநர்: (பெயர், முகவரி, வங்கியில் பதிவு செய்த செல்பேசி எண்)
>
> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை), சேலம்.
>
> பொருள்: 10.01.2026 அன்று நெஃப்ட் மூலம் தவறான கணக்குக்குச் சென்ற ரூ.46,000ஐத் திரும்பப் பெற உதவி வேண்டுதல். யு.டி.ஆர். எண்: (16 இடங்கள்)
>
> ஐயா,
>
> 12.01.2026 அன்று நேரில் அளித்த கடிதத்தின் தொடர்ச்சியாக இதை அளிக்கிறேன். தங்கள் கிளையில் உள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து (முழு எண்) 10.01.2026 மாலை (நேரம்) மணிக்கு ரூ.46,000 அனுப்பினேன்.
>
> அனுப்ப நினைத்த கணக்கு: (முழு எண், முடிவு 4738)
> தவறாக அடித்த கணக்கு: (முழு எண், முடிவு 4783)
> வங்கியும் ஐ.எஃப்.எஸ்.சி.யும்: (விவரம்)
>
> கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியது என் தவறு. திரையில் வந்த பெயரை, பணம் பெற வேண்டியவரின் உறவினர் பெயர் என்று தவறாகக் கருதிவிட்டேன். தொகை வரவான கணக்குதாரருக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. உரியவருக்கு வேறு வழியில் பணம் கொடுத்துவிட்டேன்.
>
> தாங்கள் தயவுசெய்து:
> 1. இந்த வேண்டுகோளைப் பயனாளி வங்கிக்கு அனுப்பி, அனுப்பிய தேதியை எனக்குத் தெரிவிக்கவும்.
> 2. கணக்குதாரரைத் தொடர்புகொண்டு, தொகையைத் திருப்ப அவரது எழுத்துச் சம்மதத்தைப் பெறுமாறு அந்த வங்கியைக் கேட்கவும்.
> 3. விதிகள் அனுமதித்தால், பதில் வரும்வரை அந்தத் தொகையை நிறுத்திவைக்குமாறு கேட்கவும்.
> 4. கணக்குதாரர் மறுத்தாலோ தொடர்புக்குக் கிடைக்காவிட்டாலோ அதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.
>
> கணக்குதாரர் விரும்பினால், தங்கள் வழியாக அவருடன் பேசத் தயாராக இருக்கிறேன். இது தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் பணம் என்பதால் விரைந்து உதவ வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு, (கையெழுத்து, தேதி)
>
> இணைப்பு: கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கம்; மேஸ்திரியின் பாஸ்புக் முதல் பக்க நகல்; தொகை வரவில்லை என்ற மேஸ்திரியின் கடிதம்; ஆங்கிலச் சுருக்கம்.

இரண்டு கணக்கு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்கள் மூன்று பக்க விளக்கம் சொல்வதை அந்த இரண்டு வரிகள் ஒரு பார்வையில் சொல்லிவிடும். 38 எங்கே, 83 எங்கே என்று கண்ணுக்கே தெரியும். பக்கத்தில் மேஸ்திரியின் பாஸ்புக் நகலும் இருந்தால், இது உண்மையான கைத்தவறு என்பதில் அந்த வங்கி அலுவலருக்குச் சந்தேகமே வராது. சில பேர் பொருளுக்குப் பணம் அனுப்பிவிட்டு, பிறகு மனம் மாறி, "தவறாக அனுப்பிவிட்டேன்" என்று எழுதுவது உண்டு. அதனால்தான் "எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை" என்ற வாக்கியம் அவசியம்.

நகையை அடகு வைத்ததை நான் எடுத்துவிட்டேன் என்று வருந்தாதீர்கள். கூலிப் பணம் என்ற ஒரு சொல்லை வைத்திருக்கிறேன். நான்காவது வாசகரின் மனதைத் தொட அது போதும்.

வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்ற எச்சரிக்கையையும் இந்தக் கடிதத்தில் சேர்க்கவில்லை. அது கைவசம் இருக்கட்டும், இப்போது தேவையில்லை.

கொடுக்கும் முறை

இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் கிளையின் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். போன முறை இது நடக்கவில்லை. எனவே 12ஆம் தேதி கொடுத்ததற்கு உங்களிடம் அத்தாட்சி இல்லை. முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். அதே நாளில் விரைவுத் தபாலில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள், வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கும் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏறி ஒரு நாள் கூலியை இழப்பவர் நீங்கள். அதனால் ஒவ்வொரு முறையும் கையில் ஒரு தாளோடுதான் மலை ஏற வேண்டும்.

அந்தத் தேதியிலிருந்து 30 நாள் எண்ணுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாத பதில் வந்தாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அங்கே எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேண்டுகோளை வங்கி அனுப்பாமல் வைத்திருந்தால், பதில் சொல்லாமல் இருந்தால், அது சேவைக் குறைபாடு. அதை அவர் கேட்பார். அந்தக் கணக்குதாரரைப் பணம் கட்டச் சொல்லி அவர் உத்தரவிட முடியாது. அவரது அதிகாரம் வங்கிகள் மீதுதான்.

அவர் தர மறுத்தால்

பெரும்பாலும் தந்துவிடுவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலர் உடனே கையெழுத்துப் போடுவார்கள். சிலர் செலவழித்திருப்பார்கள், தவணையில் தருகிறேன் என்பார்கள்; அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தில் வாங்குங்கள். கணக்கு நீண்ட நாள் பயன்பாட்டில் இல்லாமலோ, கணக்குதாரர் இறந்தோ இருந்தால் வாரிசுகளைத் தேட வேண்டியிருக்கும், நாளாகும்.

வேண்டுமென்றே மறுத்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. பொதுவாக மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எதிராளியின் பெயர் தெரியாமல் எப்படி என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்டால் தர முடியாத விவரத்தை, நீதிமன்றம் கேட்டால் வங்கி தந்தாக வேண்டும். நான்காவது வேண்டுகோளை, அதாவது மறுப்பை எழுத்தில் கேட்பதை, நான் சேர்த்தது இதற்காகத்தான். அந்தத் தாள் இல்லாமல் வழக்கறிஞர் தொடங்க முடியாமல் தவிப்பார். செலவுக்குப் பயப்பட வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேச வைக்கவும் அங்கே வழியிருக்கிறது.

காவல் நிலையம் கடைசிப் படி. அடுத்தவர் பணம் என்று தெரிந்த பிறகும் நேர்மையற்ற எண்ணத்தோடு அதைத் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் "தெரிந்த பிறகும்" என்பதை நிரூபிக்க வேண்டும். அவருக்கு வங்கி தெரிவித்தது, அவர் மறுத்தது இரண்டுக்கும் தாள் இல்லாமல் இப்போதே போனால், மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒன்றே ஒன்று, கவனமாக இருங்கள். இந்தச் செய்தி நாலு பேருக்குத் தெரிந்த பிறகு, "வங்கியிலிருந்து பேசுகிறோம், பணத்தைத் திருப்ப ஐந்நூறு ரூபாய் கட்டணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வரலாம். பணத்தைத் திருப்ப வங்கி ஓ.டி.பி. கேட்காது. இணைப்பைத் தொடச் சொல்லாது. அப்படி ஒரு அழைப்பில் நீங்கள் ஏமாந்தால்தான் அது உண்மையான மோசடி. 1930ஐ அழைக்க வேண்டியதும் அப்போதுதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மேஸ்திரியிடம் "10.01.2026 அன்று என் கணக்கில் ரூ.46,000 வரவில்லை" என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய பாஸ்புக்கை நகல் எடுங்கள். யு.டி.ஆர். எண்ணைக் கையால் எழுத வேண்டாம். கணக்கு அறிக்கையில் அச்சாகியிருப்பதைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லி, வீட்டில் இன்னொருவரை ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். பிறகு கீழே இறங்குங்கள்.